நூறு ரூபாய் எப்படி 4,600 ஆனது?

வணக்கம் சார். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் இரண்டு வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். வாடகை 9,000. மாதம் 5ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் இருக்கிறார், இங்கே அவருடைய மச்சான்தான் கணக்குப் பார்க்கிறார். ஜூன் வாடகையை 5ஆம் தேதி இரவு 10.50க்கு நெஃப்டில் அனுப்பினேன். மறுநாள்தான் வந்தது, ஒரு நாள் லேட், 100 ரூபாய் தாருங்கள் என்றார். நான் கொடுக்கவில்லை. ஜூலை 3, ஆகஸ்ட் 4 தேதிகளில் முழு 9,000 அனுப்பினேன். இப்போது ஆகஸ்ட் 20ஆம் தேதி, "4,600 பாக்கி, தராவிட்டால் அட்வான்ஸில் பிடிப்போம்" என்று வாட்ஸ்அப் வந்திருக்கிறது. கணக்குப் பார்க்கும் அந்த அண்ணாச்சியிடம் கேட்டால், "கம்ப்யூட்டர் கணக்கு, சரியாத்தான் இருக்கும்" என்கிறார். ஒரு ரூபாய் குறைக்காமல் கட்டிய நான் எதற்குத் தர வேண்டும்?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

அந்த 4,600 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் சொன்ன தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டேன். சரியாக அதே தொகை வந்தது. அதனால் அவர் என்ன செய்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜூனுக்கு ஒரு நாள் தாமதம் என்று 100 ரூபாய் எழுதியிருக்கிறார். ஜூலை 3ஆம் தேதி நீங்கள் அனுப்பிய 9,000 ரூபாயில் முதலில் அந்த 100 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 8,900 ரூபாயைத்தான் ஜூலை வாடகையாக வரவு வைத்திருக்கிறார். அப்படியானால் ஜூலை வாடகையில் 100 ரூபாய் குறைகிறது. அந்தக் குறைக்காக ஜூலை 6 முதல் நாளுக்கு 100 ரூபாய் ஓட ஆரம்பிக்கிறது. நீங்கள் அடுத்த பணம் அனுப்பிய ஆகஸ்ட் 4 வரை எண்ணினால் ஜூலையில் 26 நாள், ஆகஸ்டில் 4 நாள், ஆக 30 நாள். 3,000 ரூபாய். ஆகஸ்டில் நீங்கள் அனுப்பிய 9,000 ரூபாயில் ஜூலைக் குறை 100, தாமதக் கட்டணம் 3,000 இரண்டையும் கழித்துவிட்டால் ஆகஸ்ட் வாடகைக்கு மிஞ்சுவது 5,900. குறைவது 3,100. அதற்கு ஆகஸ்ட் 6 முதல் 20 வரை 15 நாளுக்கு 1,500. இரண்டையும் கூட்டினால் 4,600.

இது இத்தோடு நிற்கவும் செய்யாது. செப்டம்பர் 3ஆம் தேதி நீங்கள் மறுபடியும் முழு வாடகையை அனுப்பினாலும், இதே கணக்கில் செப்டம்பர் வாடகை 6,000 ரூபாய் குறையும். அக்டோபர் 3ஆம் தேதி அனுப்பினால் 8,800 குறையும். அதாவது மாதாமாதம் 9,000 ரூபாய் கொடுத்துக்கொண்டே, நான்கே மாதத்தில் ஏறக்குறைய ஒரு முழு மாத வாடகை தராதவராக நீங்கள் அவருடைய நோட்டில் நிற்பீர்கள். வாடகை பாக்கி என்பது வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்று. 4,600 ரூபாயைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். அட்வான்ஸில் பிடித்தால் பிடிக்கட்டும் என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஜூன் 5 இரவு அனுப்பிய பணம் நேரத்துக்குக் கட்டியதா என்பது ஒன்று. உங்கள் வாடகைப் பணத்தை அவர் தன் விருப்பப்படி தாமதக் கட்டணத்துக்குத் திருப்பிக்கொள்ளலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியின் மதிப்பு வெறும் 100 ரூபாய். மீதி 4,500 ரூபாயும் இரண்டாவது கேள்வியில்தான் தொங்குகிறது. நீங்களும் அண்ணாச்சியும் இரண்டு மாதமாக முதல் கேள்வியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் ஜூனை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

நெஃப்ட் இப்போது ஆண்டு முழுவதும், இரவும் பகலும் ஓடுகிறது. 2019 டிசம்பர் 16 முதல் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு பணமும் தனித்தனியாக உடனே போவதில்லை. அரை மணிக்கு ஒரு தொகுப்பாகச் சேர்த்து அனுப்புகிறார்கள். உங்கள் 10.50 மணிப் பணம் 11 மணித் தொகுப்பில் போயிருக்கும். தொகுப்பு தீர்வானதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெறுபவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கான விதி. அதாவது அதிகாலை 1 மணி வரை அவர்களுக்கு நேரம் உண்டு. ஆகவே வீட்டுக்காரரின் பாஸ்புக்கில் 6ஆம் தேதி என்று இருப்பதும் உண்மையாக இருக்கலாம், நீங்கள் 5ஆம் தேதி அனுப்பியதும் உண்மை. இருவரும் பொய் சொல்லவில்லை, வங்கியும் தவறு செய்யவில்லை.

அப்படியானால் எந்தத் தேதி செல்லும்? உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். "5ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்" என்று மட்டும் இருந்தால் உங்கள் பக்கம் நல்ல வாதம் இருக்கிறது. "5ஆம் தேதிக்குள் உரிமையாளரின் வங்கிக் கணக்கில் வரவாகியிருக்க வேண்டும்" என்று இருந்தால் ஜூன் மாதத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. கடிதத்தில் நீங்கள் "செலுத்த" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது ஒப்பந்தத்தின் சொல்லா, நீங்கள் நினைவிலிருந்து எழுதிய சொல்லா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன்.

"செலுத்த" என்று இருந்தால் நான் எடுக்கும் வாதம் இது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 50ஆம் பிரிவு, கடனைப் பெற வேண்டியவர் எந்த முறையில் தரச் சொன்னாரோ அந்த முறையில் தந்தால் கடன் தீர்ந்தது என்கிறது. அதற்குச் சட்டமே ஓர் உதாரணமும் சொல்கிறது. நூறு ரூபாய் தர வேண்டியவரிடம், நோட்டைத் தபாலில் அனுப்பு என்று கடன் கொடுத்தவர் கேட்டுக்கொள்கிறார். அவர் சரியான முகவரி எழுதிய உறையில் நோட்டை வைத்துத் தபாலில் சேர்த்த அந்த நேரமே கடன் தீர்ந்துவிடுகிறது. வழியில் தபால் எடுத்துக்கொள்ளும் நேரம் கேட்டுக்கொண்டவரின் பொறுப்பு. 1954இல் ஓகலே கிளாஸ் ஒர்க்ஸ் வழக்கிலும், காசோலையைத் தபாலில் அனுப்பும்படி கேட்டவருக்குத் தபாலில் சேர்த்ததே கொடுத்ததற்குச் சமம் என்ற வழியில்தான் உச்ச நீதிமன்றம் போனது. நெஃப்டுக்கும் இதே நியாயத்தைச் சொல்லலாம். ஆனால் இது நிற்க வேண்டுமானால், வங்கியில் போடச் சொன்னது வீட்டுக்காரர் என்பதற்கு ஏதாவது எழுத்தில் வேண்டும். ஒப்பந்தத்தில் கணக்கு எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், வீட்டுக்கு வந்த புதிதில் "இந்த அக்கவுண்டில் போட்டுவிடுங்கள்" என்று அனுப்பிய பழைய வாட்ஸ்அப்பைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். அனுப்பிய பணம் திரும்பி வரவில்லை என்பதை உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தில் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். தக்கலையிலிருந்து என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர், வாடகை அனுப்பியதற்கு போன் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு மூன்று வாரம் வீட்டுக்காரரோடு சண்டை போட்டிருந்தார். கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தபோது, கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறி, அன்றைக்கே பணம் திரும்பி அவர் கணக்கிலேயே கிடந்தது. "அனுப்பப்பட்டது" என்று போன் காட்டுவதற்கும் "வரவு வைக்கப்பட்டது" என்பதற்கும் நடுவில் இப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. நெஃப்டில் பெறுபவர் கணக்கில் பணம் சேர்ந்ததும் அனுப்பியவருக்கு ஓர் எஸ்.எம்.எஸ். வரும். ஜூன் 5 இரவு அல்லது 6 அதிகாலை வந்த அந்தக் குறுஞ்செய்தி போனில் இருந்தால் அழிக்காதீர்கள். சில நேரம் அதிலேயே 5ஆம் தேதி என்று இருந்து, பாஸ்புக்கில் மட்டும் 6 என்று பதிவாகியிருக்கும். இரவில் வங்கி நாள் கணக்கை முடிக்கும் வேளையில் வரும் பணத்துக்கு அப்படி நேர்வதுண்டு. உங்களுக்கு அப்படி அமைந்திருந்தால் ஜூன் பேச்சு அங்கேயே முடிந்தது.

சரி, இப்போது 4,500 ரூபாய்க்கு வருவோம்.

ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாக்கி இருக்கும்போது கொடுக்கும் பணம் எந்தப் பாக்கிக்குப் போகும் என்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60, 61ஆம் பிரிவுகள் சொல்கின்றன. வாடகைக்கு இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய பிரிவுகள் இவை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முதல் உரிமை பணம் கொடுப்பவருக்கு. இது இன்னதற்கு என்று அவர் சொல்லிக் கொடுத்து, மற்றவர் அதை வாங்கிக்கொண்டால், அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். கொடுப்பவர் ஒன்றும் சொல்லாமல், சூழ்நிலையிலிருந்தும் எதுவும் விளங்காமல் இருந்தால் மட்டுமே வாங்குபவர் தன் விருப்பப்படி வரவு வைக்கலாம். இருவருமே எதற்கு என்று குறிக்காவிட்டால் பழைய பாக்கியிலிருந்து வரிசையாகத் தீரும்.

வீட்டுக்காரர் பக்கம் ஒரு வக்கீல் இருந்தால், ரிமார்க்ஸில் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆகவே விருப்பப்படி வரவு வைத்தோம் என்பார். நீங்கள் எழுதினீர்களா இல்லையா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கணக்கு விவரத்தில் அந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். `JULY RENT` என்பது போல ஏதாவது எழுதியிருந்தால் அவருடைய கணக்கு அந்த இடத்திலேயே உடைந்துவிடும். எழுதாவிட்டாலும் பயப்பட வேண்டாம். வாயால் சொன்னால்தான் என்று 59ஆம் பிரிவு சொல்லவில்லை, சூழ்நிலையிலிருந்து விளங்கினாலும் போதும் என்கிறது. இங்கேயும் சட்டத்தின் உதாரணம் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். ஒருவருக்குப் பல கடன்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று 567 ரூபாய். அந்த 567 ரூபாயைத் தா என்று கடிதம் வருகிறது. அவர் சரியாக 567 ரூபாய் அனுப்புகிறார். அப்படியானால் அது அந்தக் கடனுக்குத்தான். நீங்கள் அனுப்பியது 9,100 அல்ல, 100 அல்ல. மாத வாடகை எவ்வளவோ அந்த 9,000. அதுவும் வாடகை தர வேண்டிய முதல் ஐந்து நாட்களுக்குள். அந்த 100 ரூபாயைக் கேட்டும் நீங்கள் கொடுக்கவில்லை. தர மறுத்த கட்டணத்துக்காக அந்தப் பணத்தை அனுப்பினீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜூலைப் பணம் முழுதும் ஜூலை வாடகைக்கே என்றால் குறை எதுவும் இல்லை. குறை இல்லையென்றால் 30 நாள் இல்லை, 3,000 இல்லை, ஆகஸ்டில் 3,100ம் இல்லை, 1,500ம் இல்லை. ஒப்பந்தத்தின் அந்த வரி எப்படி இருந்தாலும், அவர் கேட்கக்கூடியது அதிகபட்சம் ஜூன் மாதத்து 100 ரூபாய் மட்டுமே.

ஒருவேளை இதையும் தாண்டி வாதம் போனால் 74ஆம் பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தில் அபராதம் என்று ஒரு தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகையை உச்சவரம்பாகக் கொண்டு நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும் என்பது அதன் சாரம். 9,000 ரூபாய் வாடகையில் 100 ரூபாய் குறைந்ததற்கு ஒரே மாதத்தில் 3,000 ரூபாய் என்பதை நியாயமான ஈடு என்று காட்டுவது மிகக் கடினம். ஆனால் இதை முதல் வாதமாக வைக்காதீர்கள். கட்டணம் அதிகம் என்று ஆரம்பித்தால், குறை இருந்ததை ஒப்புக்கொண்டு தொகையில் பேரம் பேசுவது போல ஆகிவிடும். பாதியாவது தாருங்கள் என்பார்கள், நீங்களும் அலுத்துப்போய்க் கொடுத்துவிடுவீர்கள். குறையே இல்லை என்பதுதான் உங்கள் நிலை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வங்கிக் கிளைக்கு நேரில் போய் ஜூன் 1 முதல் இன்று வரையான கணக்கு விவரத்தைக் கையெழுத்து, முத்திரையோடு வாங்குங்கள். 1891ஆம் ஆண்டின் வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றிட்ட நகல் என்று கேட்டு வாங்கினால், பிறகு எங்கே போனாலும் அது ஆதாரமாக நிற்கும். ஸ்கிரீன்ஷாட்டுக்கு அந்தப் பலம் கிடையாது. அதில் மூன்று வரிகளையும் பென்சிலால் கோடிட்டு, ஒவ்வொரு பணத்துக்கும் வங்கி தந்திருக்கும் அடையாள எண்ணான யு.டி.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு கடிதம். இதை அண்ணாச்சிக்கு அல்ல, வீட்டுக்காரருக்கே எழுதுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது, என் அனுபவத்தில் பல முறை அப்படித்தான் இருந்திருக்கிறது. நீளமாக வேண்டாம். இந்த அளவு போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, ஆகஸ்ட் 20ஆம் தேதி வாட்ஸ்அப்பில் 4,600 ரூபாய் பாக்கி என்று கேட்டிருக்கிறீர்கள். ஜூன் 5, ஜூலை 3, ஆகஸ்ட் 4 ஆகிய தேதிகளில் தலா 9,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். யு.டி.ஆர். எண்களும் வங்கி சான்றிட்ட நகலும் இத்துடன் உள்ளன. இவை முறையே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாத வாடகைக்காக மட்டுமே அனுப்பப்பட்டவை. அவற்றை வேறு எதற்கும் வரவு வைக்க நான் சம்மதிக்கவில்லை. எந்த மாதத்துக்கும் வாடகை பாக்கி இல்லை. ஜூன் மாதத் தாமதக் கட்டணத்தையும் நான் ஏற்கவில்லை. அட்வான்ஸில் எதையும் கழிக்க வேண்டாம். மூன்று மாதங்களுக்கும் ரசீது தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஒப்பந்தத்தில் "வரவாகியிருக்க வேண்டும்" என்று இருந்தால், ஜூன் கட்டணம் பற்றிய அந்த வரியை எடுத்துவிட்டு, 100 ரூபாயைத் தனியாக, வாடகையோடு கலக்காமல், `JUNE LATE FEE` என்று ரிமார்க்ஸ் எழுதி அனுப்பிவிடுங்கள். கடிதத்திலும் அந்தத் தேதியைச் சேருங்கள். தர வேண்டிய 100 ரூபாயைத் தந்துவிட்டவரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். ஆனால் அது தனிப் பணமாக இருக்க வேண்டும், 9,100 என்று சேர்த்து அனுப்பிவிடாதீர்கள்.

கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான விவரத்தை எடுத்து வையுங்கள். அதையே படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அண்ணாச்சிக்கும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். அண்ணாச்சியிடம் மரியாதை குறையாமல் பேசுங்கள். அந்தக் கணக்கை அவர் வேண்டுமென்று செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏதோ ஒரு வாடகைக் கணக்குச் செயலியில் தாமதக் கட்டணத்தை முதலில் கழிக்கும்படி யாரோ அமைத்திருப்பார்கள், அது தன்பாட்டுக்கு ஓடியிருக்கும். மேலே நான் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்து, அக்டோபரில் இது எங்கே போய் நிற்கும் என்று காட்டுங்கள். பாதிப் பேர் அங்கேயே ஒப்புக்கொள்வார்கள்.

ஒப்புக்கொள்ளாவிட்டால் போக ஓர் இடம் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை அதற்கு நியமித்திருப்பார்கள். உங்கள் பகுதிக்கு யார் என்று கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். உங்கள் ஒப்பந்தம் பதிவானதா என்று போகும் முன்பே பார்த்துவிடுங்கள். பதிவாகவில்லையென்றால் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் தவிர, அட்வான்ஸும் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை, அதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒத்திக்கு வீடு எடுத்தவர்கள் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பதால், அவர்களுக்கு இந்தத் தேதிச் சிக்கல் வருவதில்லை. அந்த ஏற்பாட்டின் கணக்கு வேறு, அதை இதோடு குழப்பி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

வழக்கு நடக்கட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கோபத்தில் பலர் செய்வது அதுதான், அந்த நிமிஷமே உண்மையான பாக்கி ஒன்று உருவாகிவிடும். செப்டம்பர் வாடகை வர இன்னும் சில நாள்தான் இருக்கிறது. அதற்கு முன்பே கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு 1 அல்லது 2ஆம் தேதி, பகலில், சரியாக 9,000 ரூபாய் அனுப்புங்கள். ரிமார்க்ஸில் `SEPTEMBER RENT` என்று எழுதுங்கள், அனுப்பிய கையோடு "செப்டம்பர் வாடகை அனுப்பியிருக்கிறேன்" என்று யு.டி.ஆர். எண்ணோடு வீட்டுக்காரருக்கு ஒரு செய்தியும் போடுங்கள். எப்போதாவது 5ஆம் தேதி இரவு வரை தள்ளிப்போனால் நெஃப்டைத் தொடாமல், அந்த நிமிஷமே போய்ச் சேரும் ஐ.எம்.பி.எஸ். அல்லது யு.பி.ஐ. வழியாக அனுப்புங்கள்.